சருகுப்பையா, உதிர்பையா? ஒரு கலைச்சொல் வேண்டும்

ஸ்டெல்லா (மார்த்தாண்டம்):

குழுவினருக்கு வணக்கம். எங்கள் மாணவர்களுக்காக ஒரு செய்முறைக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சோதனைக்குப் பெயர் கிடைக்காமல் நிற்கிறேன். நைலான் வலைத்துணியில் 20 செ.மீ. சதுரப் பை தைத்து, எடை போட்ட காய்ந்த இலையை உள்ளே வைத்து, வாயைத் தைத்து மண்மேல் போட்டுவிடுவோம். குறித்த நாளில் எடுத்து, ஒட்டிய மண்ணைத் துலக்கி, 65 டிகிரி அடுப்பில் எடை நிலைக்கும்வரை உலர்த்தி, மறுபடி எடை போடுவோம். ஆங்கிலத்தில் litter bag. பழைய கையேட்டில் ‘குப்பைப் பை’ என்று இருந்தது. அதை வாசித்துவிட்டு ஒரு பையன் கறுப்பு பிளாஸ்டிக் பை ஒரு கட்டு வாங்கி வந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது.

பையின் பெயரோடு, இலை எவ்வளவு வேகமாக எடை இழக்கிறது என்று காட்ட அதிலிருந்து கணக்கிடும் k என்ற எண்ணுக்கும் ஒரு பெயர் வேண்டும். எதற்குப் பெயர் கேட்கிறேன் என்று தெரிய, இந்த முறை நாங்கள் செய்ததன் முடிவைக் கீழே தருகிறேன். குலசேகரம் பக்கம் பொறுக்கிய ரப்பர் இலை, ஒரே தோட்டத்து மண், 2 மி.மீ. வலை, 90 நாள். மண் பிடித்துவைக்கக்கூடிய முழு நீரை 100 என்று வைத்து, தொட்டிகளை 25, 60, 100 ஆகிய மூன்று ஈரத்தில் வைத்தோம். தினமும் தொட்டியை எடைபோட்டுக் குறைந்த தண்ணீரை ஊற்றினோம். ஒரு பாதி நிழலான அறையில், சராசரி 29 டிகிரி. மறு பாதி, வெப்பத்தை ஒரே அளவில் வைக்கும் பி.ஓ.டி. இன்குபேட்டரில், 20 டிகிரி.

| வெப்பம் | மண் ஈரம் (%) | 90ஆம் நாள் மீதி எடை (%) | k (நாளுக்கு) |
|---|---|---|---|
| 29 டிகிரி | 25 | 79 | 0.0026 |
| 29 டிகிரி | 60 | 56 | 0.0064 |
| 29 டிகிரி | 100 | 67 | 0.0044 |
| 20 டிகிரி | 25 | 87 | 0.0015 |
| 20 டிகிரி | 60 | 73 | 0.0035 |
| 20 டிகிரி | 100 | 79 | 0.0026 |

ஒவ்வொரு வரியும் மூன்று பைகளின் சராசரி.

ஜெபசிங் (தக்கலை):

டீச்சர், litter என்பதற்குத் தமிழ் ஏற்கெனவே இருக்கிறதே. கோழிப்பண்ணையில் தரையில் பரப்புவதை ஆழ்கூளம் என்போம். கால்நடை மருத்துவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நான் தேங்காய் நார்க்கழிவு பரப்புகிறேன். மழைக்காலத்தில் ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பார்ப்பேன். கையை விரித்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் கூடிவிட்டது, அடுத்த நாளே அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். உடனே கிளறிவிட்டுச் சுண்ணாம்பு தூவுவோம். ‘கூளப்பை’ என்றே வைத்துவிடலாம். நீங்கள் எத்தனை அங்குலம் பரப்பினீர்கள் என்று எழுதவில்லையே?

ஐயப்பன் (நாகர்கோவில்):

ஜெபசிங் அண்ணாச்சி, டீச்சர் கேட்பது கோழிக்கு விரிப்பது அல்ல, மரத்தடியில் தானாக விழுந்து கிடப்பது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் வந்த குழப்பம். கூளம் என்றால் நமக்கு வைக்கோல் துணுக்கும் உமியும்தான் நினைவுக்கு வரும். ஆழ்கூளம் அதற்குப் பொருத்தமான சொல். அதைக் காட்டுக்கு இழுக்க வேண்டாம்.

எனக்குச் சருகுப்பை பிடித்திருக்கிறது. விளக்கமே வேண்டாம். நம் ஊரில் சப்புச் சவறு என்றும் சொல்வார்கள், ஆனால் அது திருநெல்வேலி தாண்டினால் புரியாது. ஒரே தயக்கம், சருகு என்பது இலை மட்டும். மரத்தடியில் சுள்ளி, பூ, காய்த்தோடு எல்லாம் கிடக்கும். அதையும் சேர்க்க ‘உதிர்’ என்ற வேரிலிருந்து எடுத்தால் உதிர்பை. உதிரிப்பை என்று மட்டும் வேண்டாம். தோவாளைச் சந்தையில் உதிரி என்றால் தொடுக்காத பூ. அங்கே போய் உதிரிப்பை கேட்டால் பிச்சிப்பூவை அளந்து போட்டுத் தருவார்கள்.

கவிதா (சென்னை):

k-க்கு ஏன் புதிய சொல் தேட வேண்டும்? தொடக்க எடை X0, t நாளில் மீதி X என்றால், X = X0·e^(-kt) என்பது கதிரியக்கச் சமன்பாடேதான். இயற்பியல் பாடத்தில் அதைச் சிதைவு மாறிலி என்று படித்திருக்கிறோம், அதையே எடுத்துக்கொள்ளலாம். அரை ஆயுளும் அப்படியே வரும். 29 டிகிரி, 60 ஈரத்தில் 0.693-ஐ 0.0064-ஆல் வகுத்தால் 108 நாள். மாறிலி என்பதால் எந்த ஊரிலும் ரப்பர் இலைக்கு இதுதான் வரும் என்று ஒரு அட்டவணையே போட்டுவிடலாமே.

தாணுமாலயன் (சுசீந்திரம்):

கவிதா, சமன்பாடு ஒன்றுதான். இலைக்கு அதைப் பயன்படுத்திக் காட்டியவர் ஆல்சன் என்ற சூழலியலாளர், 1963இல். ஆனால் கதிரியக்க அணுவுக்குச் சூடும் ஈரமும் ஒரு பொருட்டல்ல. ஸ்டெல்லா டீச்சரின் அட்டவணையைப் பாருங்கள். ஒரே இலை, ஒரே மண், ஆனால் k 0.0015 முதல் 0.0064 வரை போகிறது. நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம். அதை மாறிலி என்று எழுதினால், நீங்கள் இப்போது நினைத்தது போலத்தான் ஒவ்வொரு மாணவரும் நினைப்பார்கள். ‘வீதம்’ என்று எழுதுங்கள். பக்கத்தில் ஈரமும் வெப்பமும் குறிக்காத k-வை நான் நம்ப மாட்டேன்.

அட்டவணையில் எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது வரி. தண்ணீர் கூடக் கூட வேகமாக மட்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்போம். 25-லிருந்து 60-க்கு வந்தபோது அப்படித்தான் நடந்தது. 100-க்குப் போனதும் வேகம் குறைந்துவிட்டது. மண்ணின் இண்டு இடுக்கெல்லாம் தண்ணீர் நிரம்பினால் காற்றுக்கு இடமில்லை. இலையைத் தின்னும் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் மூச்சு முட்டும். ஜெபசிங் கொட்டகையைக் கிளறுவதும் காற்றுக்காகத்தான், அந்த வகையில் அவர் சொன்னது இங்கேயும் பொருந்துகிறது. டீச்சர், அந்தத் தொட்டி இலையில் முட்டை அழுகின நாற்றம் இருந்ததா?

வெப்பத்தையும் பார்த்துவிடுவோம். 60 ஈரத்தில் 20-க்கும் 29-க்கும் இடையே k 1.8 மடங்கு. பத்து டிகிரிக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. உயிர்ச் செயல்களில் வழக்கமாக வரும் அளவுதான். காய்ந்த தொட்டியில் 1.7 மடங்கு. மூன்று பை சராசரியில் இந்தச் சின்ன வேறுபாட்டுக்குக் காரணம் தேட மாட்டேன்.

ஸ்டெல்லா:

இருந்தது சார். இலையும் கறுத்து, விரலில் வழவழவென்று ஒட்டியது. 60 ஈரத் தொட்டியில் அப்படியில்லை. நரம்பு மட்டும் வலைபோல நிற்க, நடுவில் வெள்ளை இழை படர்ந்து, மழை பெய்த மண்வாசனை வந்தது.

இப்போது ஒரு சிக்கல். தொட்டியோடு சேர்த்து, ஆவணிக் கடைசியில் குலசேகரம் தோட்டத்திலும் சில பைகள் போட்டிருந்தோம். 10 கிராம் வைத்த பைகளில், 60ஆம் நாள் எடுத்தது 7.1 கிராம். 90ஆம் நாள் எடுத்தது 7.6 கிராம். மாணவர்கள் தராசு கெட்டுவிட்டது என்றார்கள். மறுநாள் திரும்ப எடை போட்டேன், அதே 7.6.

கவிதா:

பூஞ்சை வளர்ந்து எடை கூடியிருக்கும். இழை படர்ந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இலை மட்கும்போது அதில் நைட்ரஜன் கூடுகிறது என்றும் படித்திருக்கிறேன்.

தாணுமாலயன்:

நைட்ரஜன் கூடுவது உண்மை. பூஞ்சை மண்ணிலிருந்தும் அதை இழுத்துக்கொண்டு வரும். ஆனால் பூஞ்சையின் உடம்பு கட்டப்படுவது இலையின் கார்பனிலிருந்து. அதிலும் ஒரு பங்கு மூச்சாக வெளியே போய்விடும். அதனால் மொத்த எடை குறையத்தான் வேண்டும், அரை கிராம் அதிகரிக்க வழியில்லை. இரண்டும் வேறு வேறு பைகள் என்பதால் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆனால் எனக்குச் சந்தேகம் செம்மண்மேல். ஐப்பசி, கார்த்திகை மழையில் துளி தெறித்து, நுண்ணிய களி வலைக்குள் போய் இலையோடு இலையாகப் பூசிக்கொள்ளும். தூரிகையால் துலக்கினால் போகாது. தண்ணீரில் அலசினால் இலைத்தூளும் சேர்ந்து போய்விடும். அரைத்து, ஒரு கிராம் எடுத்து, மஃபிள் உலையில் 500 டிகிரியில் நான்கு மணி நேரம் எரித்துப் பாருங்கள். இலை எரிந்துபோகும், மண் சாம்பலோடு மிஞ்சும். ஒப்பிட்டுப் பார்க்கத் தொடக்க இலையையும் எரியுங்கள்.

ஸ்டெல்லா:

எரித்துவிட்டேன். தொடக்க இலையில் சாம்பல் 6 சதவீதம், வெள்ளைச் சாம்பல். 60ஆம் நாள் பையில் 9. 90ஆம் நாள் பையில் 22. மூசையில் மிஞ்சியது செங்கல் பொடி நிறம். நீங்கள் சொன்ன செம்மண்ணேதான் சார்.

சாம்பலைக் கழித்துக் கணக்குப் போட்டேன். தொடக்கம் 10-இல் 9.4 கிராம். 60ஆம் நாள் 7.1-இல் 6.46, அதாவது மீதி 69 சதவீதம். 90ஆம் நாள் 7.6-இல் 5.93, மீதி 63 சதவீதம். எடை கூடவில்லை, குறைந்துதான் இருக்கிறது. தொட்டிப் பைகளுக்கும் சந்தேகம் வந்து எரித்துப் பார்த்தேன். மழைத்துளி படாத இடம் என்பதால் 7, 8 சதவீதம்தான், அட்டவணை பெரிதாக மாறாது.

ஐயப்பன்:

அப்படியானால் டீச்சர் கையேட்டில் இன்னொரு சொல்லும் வேண்டும், ‘சாம்பல் நீக்கிய எடை’. நீண்டதாக இருந்தாலும் என்ன செய்தோம் என்பதைச் சொல்கிறது.

k-க்கு ‘மட்கு வீதம்’ என்று முன்மொழிகிறேன். மட்குதல் என்பது ஏட்டு வழக்கு, மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று தொட்டியில் எழுதியிருப்பதுதான் எல்லோர் வாயிலும் இருக்கிறது. ‘மக்கு வீதம்’ என்றால் வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள், அதனால் மட்கு.

தாணுமாலயன்:

நல்ல சொல். ஆனால் எனக்கு ஒரு மறுப்பு உண்டு, ஐயப்பன். பை அளப்பது மட்குவதை மட்டும் அல்ல. முதல் மழையிலேயே இலையிலிருக்கும் சர்க்கரையும் பொட்டாசியமும் சாயம்போலக் கரைந்து ஓடிவிடும். அதில் பூஞ்சைக்கு வேலையே இல்லை. வலைக்கண் வழியாகத் துணுக்கு கொட்டினாலும் எடை குறையும். 2 மி.மீ. வலையில் பெரிய மரவட்டை நுழையாது, சின்ன பூச்சிகள் நுழையும். கண்ணைச் சிறிதாக்கினால் வேறு எண் வரும். ஆகவே நாம் பார்ப்பது ‘எடையிழப்பு வீதம்’. மட்குவதை அதிலிருந்து நாம் ஊகிக்கிறோம்.

ஐயப்பன்:

எடையிழப்பு என்றால் படிக்கிறவர்களுக்கு உடல் மெலிவதுதான் தோன்றும் சார். எதனால் இழந்தது என்று அந்தச் சொல்லில் இல்லையே.

தாணுமாலயன்:

தராசுக்கும் அது தெரியாது, அதனால்தான் சொல்கிறேன். டீச்சர், ஒன்று செய்து பார்க்கலாம். மிச்சமுள்ள இலையில் 5 கிராமைத் தண்ணீரில் 24 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, உலர்த்தி எடை போடுங்கள். குறைவது கரைந்த பங்கு. அது ஒன்றிரண்டு சதவீதம் என்றால் ஐயப்பன் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். பத்துக்குப் பக்கம் வந்தால் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காய்ந்த தொட்டியில் 20 டிகிரியில் மொத்தமே 13 சதவீதம்தானே குறைந்திருக்கிறது.

ஸ்டெல்லா:

பைக்குச் சருகுப்பை என்றே எழுதப் போகிறேன். நாங்கள் வைத்தது இலை மட்டும்தான். சுள்ளியும் காய்த்தோடும் வைத்துச் செய்யும்போது உதிர்பை என்று எழுதலாம், ஐயப்பன் சாரின் இரண்டு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. ‘வீதம்’ என்பதும் உறுதி. பக்கத்தில் ஈரம், வெப்பம், வலைக்கண் மூன்றையும் எழுதக் கட்டம் போட்டுவிட்டேன்.

வீதத்துக்கு முன்னால் என்ன சொல் என்ற இடத்தை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன். 5 கிராம் இலை பீக்கரில் ஊறிக்கொண்டிருக்கிறது. ஒரு மணி நேரம்தான் ஆகிறது, தண்ணீர் அதற்குள் கட்டஞ்சாயா நிறத்துக்கு வந்துவிட்டது.

ஜெபசிங்:

டீச்சர், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். அதை வற்றவைத்து எடை பார்த்தால், இலையில் குறைந்ததும் தண்ணீரில் வந்ததும் ஒத்துப்போகிறதா என்று தெரியுமே?