50 தாண்டின டெய்லரை வேகமான லைன்ல போடலாமா?

லைன்காரன் (திருப்பூர்): புது லைனுக்கு ஆள் எடுக்க, போன்ல ஒரு டெஸ்ட் வெச்சோமுங்க. ஸ்கிரீன்ல கலர் மாறினதும் தொடணும். 22 வயசுப் பையனுக்கு 240 மில்லி செகண்ட், 54 வயசு ஓவர்லாக் அக்காவுக்கு 310. இதை வெச்சு அந்த அக்காவை ஒதுக்கறது சரிங்களா?

டைம்ஸ்டடி: சரிதானுங்க. இருபதுகளோட நடுவுல இருந்தே கை வேகம் இறங்க ஆரம்பிக்குது, இது நிரூபிச்ச விஷயம். வித்தியாசம் 0.07 செகண்ட். பீஸுக்கு 30 செகண்ட், அதுல பத்து இடத்துல இந்தத் தாமதம் வந்தா பீஸ் 30.7 செகண்ட் ஆயிடும். எட்டு மணி நேரத்துல 960 வர வேண்டியது 938ல நிக்கும். ஒரு ஆளுக்கே 22 பீஸ் போச்சு.

மஞ்சமண்டி (ஈரோடு): ஞாபக மறதிக்கும் இதே டெஸ்ட் உண்டுங்களா? எனக்கு 66. இருபது வருசமா சரக்கு போடற விவசாயி எதுக்க வந்து நிக்கறார், பேரு வாய்க்கு வரமாட்டேங்குது. ஆனா அவர் கொண்டாந்த விரலி மஞ்சளை ஒண்ணு ஒடிச்சு உள்நிறத்தைப் பார்த்தேன்னா, எந்த ரகம், சரியா காய்ஞ்சுதான்னு உடனே சொல்லிருவேன். பையனுக்கு இன்னும் அது பிடிபடலை.

நொய்யல்கரை: டைம்ஸ்டடி போட்ட கணக்கு சரி, அந்தப் பத்துத் தாமதமும் வேலையில வரும்னு எடுத்துக்கிட்டதுதான் தப்பு. அமெரிக்காவுல சால்ட்ஹவுஸ்ங்கற உளவியலாளர் 19 வயசுல இருந்து 72 வரைக்கும் டைப்பிஸ்டுகளை உட்கார வெச்சு சோதிச்சு, 1984ல எழுதினார். எழுத்தைப் பார்த்ததும் பட்டனை அமுக்கற சோதனையில வயசானவங்க பின்தங்கினாங்க. ஆனா அவங்களே பக்கம் பக்கமா டைப் அடிக்கறப்போ வேகம் குறையலை. காரணத்தையும் அவரே சோதிச்சார். முன்னால தெரியற எழுத்துக்களை மறைச்சுக்கிட்டே வந்தார். மறைக்க மறைக்க வயசானவங்க வேகம் சீக்கிரமே விழுந்துச்சு. அப்போ, கை ஒரு எழுத்துல இருக்கும்போதே அவங்க கண்ணு இளசுகளை விடத் தள்ளி முன்னால போயிருந்திருக்கு.

அந்த அக்கா தைக்கறப்போ பக்கத்துல நின்னு பாருங்க. இந்தப் பீஸ் ஊசிக்கு அடியில ஓடும்போதே இடது கை அடுத்த பீஸோட ஓரத்தைத் தேடிப் பிடிச்சிருக்கும். கலர் மாறற டெஸ்ட்ல முன்கூட்டிப் பார்க்க எதுவுமே இல்லை, அதனால அவங்களோட பலம் அதுல விழாது. இன்னொண்ணு, ரெண்டு பேருக்கும் ஒரே போன்தானா? தொடுதிரைத் தாமதமே போனுக்குப் போன் மாறும்.

மஞ்சமண்டி ஐயா, தெரிஞ்ச பேரைத் தேடி எடுக்கறது வயசானா மெதுவாகும். ரகம் பார்க்கறது வருசக்கணக்கா சேர்ந்த அறிவு, சொல்வளம் மாதிரி அறுபதுகள்லயும் வளரும். ஒண்ணு இறங்குச்சுன்னு இன்னொண்ணும் இறங்காதுங்க.

டைம்ஸ்டடி: டைப்பிஸ்ட் கதையில ஒரு ஓட்டை இருக்கு. 60 வயசு வரைக்கும் அந்த வேலையில நின்னவங்க கெட்டிக்காரங்க. முடியாதவங்க முன்னாடியே விட்டுட்டுப் போயிருப்பாங்க.

நொய்யல்கரை: அது நியாயமான கேள்வி, அந்த ஆய்வை வெச்சு அதை முழுசா ஒதுக்க முடியாது. ஆனா லைன்காரன் கேக்கறதும் வேலையில நிக்கறவங்களைப் பத்தித்தானே?

2022ல பத்து லட்சத்துக்கும் மேல ஆட்களோட பதிலை வெச்சு ஜெர்மனி ஆய்வாளர்கள் பார்த்தாங்க. இருபதுக்கு மேல பதில் மெதுவாகுது, நிஜம்தான். அதுல பெரும்பங்கு, தப்பு வரக்கூடாதுன்னு நிதானிக்கறதும் கை அசையற நேரமும்தான். முடிவெடுக்கற வேகம் மட்டும் சுமார் 60 வரைக்கும் பெருசா விழலை. உங்க லைன்ல இதைக் கண்டுபிடிக்கறது சுலபம். பீஸ் எண்ணிக்கையோட, தப்பாகி மறுபடி தைக்கத் திரும்பி வர்ற ஆல்டர் எண்ணிக்கையையும் பக்கத்துல எழுதுங்க. மெதுவா அடிச்சும் ஆல்டர் கம்மியா இருந்தா அது நிதானம். ரெண்டுமே மோசமா இருந்தாத்தான் கவலைப்படணும்.

லைன்காரன்: ஒரே போன்தானுங்க. ஆனா பையன் கலர் மாறறதுக்கு முன்னாடியே நாலஞ்சு தடவை தொட்டுட்டான், அதைத் தள்ளிட்டுத்தான் 240. அக்கா ஒரு தடவைகூட அவசரப்படலை. ஆல்டர் நோட்டுல போன மாசத்தைப் புரட்டினேன், பையன் பேருலதான் அதிகமா இருக்கு.

டைம்ஸ்டடி: ஆல்டரைப் பத்திச் சொன்னதை ஒத்துக்கறேன். ஆனா எங்களுக்கு இப்போ ஆர்டர் சின்னச் சின்னதா வருது, வாரத்துக்கு ரெண்டு ஸ்டைல் மாறுது. புது ஸ்டைல்ல எது அடுத்து வரும்னு யாருக்கும் தெரியாது. அங்கே அந்த அக்காவோட முன்பார்வை எப்படிங்க உதவும்?

நொய்யல்கரை: முதல் நாள் உதவாது. பழக்கமில்லாத வேலையைக் கத்துக்கறதுல வயசானவங்களுக்கு நேரம் கூடத்தான் பிடிக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனா சைடு ஜாயின்ட், ஸ்லீவ் ஜாயின்ட் பெரும்பாலான டி-ஷர்ட்ல இருக்கு. அந்த ஆபரேஷன்ல அக்காவைப் போட்டுட்டு, ஸ்டைல் மாறின முதல் நாள், மூணாவது நாள் ரெண்டுலயும் அவங்க பீஸையும் பையன் பீஸையும் எழுதி வெச்சுட்டு வாங்க.

டைம்ஸ்டடி: மூணாவது நாள் வரும்போது அந்த ஆர்டர்ல பாதி முடிஞ்சிருக்குமே.