மாந்தளிர் நிறம் என்றால் எந்த நிறம்?

அம்மாவின் 1978 கல்யாணப் பட்டு, காஞ்சிபுரத்தில் எடுத்தது, மடிப்பில் இற்றுவிட்டது. அதே மாந்தளிர் நிறத்தில் ஒன்று நெய்யவேண்டும். ஒரு கடையில் இளம்பச்சையைக் காட்டினார்கள், இன்னொன்றில் செங்காவியை. இரண்டுமே தளிரின் நிறம்தான், சில நாள் இடைவெளியில்! குறுந்தொகை 27இல் வரும் ‘மாமை’க்கும் உரைகளில் மாந்தளிர் நிறம் என்றே இருக்கிறது, அதை வைத்து நூலுக்குச் சாயம் ஏற்ற முடியாதே.

போட்டோ எடுத்தால் டியூப்லைட்டில் பழுப்பு, வெயிலில் செம்பு. அப்புறம் கிழிந்த ஓரத்தில் இழை பிரித்தேன்: பாவு அரக்குச் சிவப்பு, ஊடை பச்சை. அந்தப் பச்சை வெளுத்திருக்கிறது.

நெசவு தெரிந்தவர்களே, அரக்குப் பாவில் மாந்தளிர் வர ஊடைக்குக் கிளிப்பச்சையா, இலைப்பச்சையா?