எதிர்வீட்டுப் பச்சைச் சுவரும் என் ஜன்னல் வெளிச்சமும்: சின்ன அறையில் வீடியோ எடுத்த அனுபவம்

கணக்கு டீச்சர், தெற்குமாசி வீதி

குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக வீட்டிலேயே கணக்குப் பாடம் பேசி வீடியோ போடுகிறேன். வீடு ஒரு சந்துக்குள், மாடியில். அறை பத்துக்குப் பத்து, வடக்குப் பார்த்த ஜன்னல் ஒன்றுதான். விளக்கு என்று இருப்பது ஒரு டேபிள் லாம்ப், அதில் 6500K என்று போட்ட 9 வாட் எல்.இ.டி பல்பு.

ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி நாற்காலி. ஜன்னல் வெளிச்சம் இடது கன்னத்தில் முன்பக்கமாக, சாய்வாக விழும்படி உட்கார்ந்து, போனை ஜன்னலை ஒட்டிய சுவரோரம் நிறுத்தினேன். மேலே இருக்கும் டியூப்லைட்டை அணைத்ததும் கண்ணுக்குக் கீழே விழுந்த நிழல் போய்விட்டது. வலது கன்னம் இருட்டடிக்காமல் இருக்க அந்தப் பக்கம் டேபிள் லாம்ப்.

காலை எட்டு மணிக்கு எடுத்தால் முகம் இயல்பாக இருக்கும். பத்து மணிக்கு மேல் எடுத்தால் இடது பாதி பச்சையடிக்கும், வலது பாதி ரோஜா நிறத்துக்குப் போகும். போன், பல்பு எல்லாம் அதேதான். ஒருநாள் வெள்ளைத் தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. தாளில் ஜன்னல் பக்கம் இளம்பச்சை, விளக்குப் பக்கம் சுத்த வெள்ளை. எதிர்வீட்டுச் சுவர் கிளிப்பச்சை பெயின்ட். நடுவில் சந்து எட்டடி இருந்தால் அதிகம். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் அந்தச் சுவரில் பத்து மணியிலிருந்து முழு வெயில். என் ஜன்னலுக்குள் வருவதில் பெரும்பங்கு வானத்து வெளிச்சம் இல்லை, அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்.

இப்போதைக்கு டேபிள் லாம்பை முகத்திலிருந்து எடுத்துவிட்டேன். வலது பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டையை, ஃப்ரேமில் தெரியாத அளவுக்கு முகத்துக்கு நெருக்கமாக நிறுத்தியிருக்கிறேன். அதுவும் ஜன்னல் வெளிச்சத்தைத்தான் திருப்பி அடிக்கிறது, அதனால் இரண்டு கன்னமும் ஒரே நிறம். விளக்கு எனக்குப் பின்னால் தரையில் இருந்து சுவரைப் பார்த்து எரிகிறது. இதே தொல்லை பட்டவர்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

அனுப்பானடி தம்பி

அக்கா, ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டுங்க, பச்சை போயிடும். எங்க வீட்டில் நாலு முழ வேட்டியை இரண்டாக மடிச்சுக் கட்டித்தான் எடுக்கிறேன், முகத்தில் நிழல் அவ்வளவு மென்மையாக விழுது. வடக்கு ஜன்னல் வேற, நேர் வெயிலே வராது. உங்களுக்கு நல்ல இடம்தான் அமைஞ்சிருக்கு.

சுங்குடிச் சேலைக் கடை

நான் சுங்குடிச் சேலையைத் தோளில் போட்டுக்காட்டி வீடியோவில் விற்கிறேன். அரக்குச் சேலை வாங்கியவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் ‘இது வேறே நிறம்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். பெரிய ரிங் லைட் வாங்கினால் சரியாகிவிடுமா? எத்தனை இஞ்ச் வாங்கலாம்?

திருமங்கலம் கல்யாண வீடியோ

டீச்சர் கண்டுபிடித்தது முற்றிலும் சரி. கல்யாண வீட்டில் பெண் அறையில் எங்களுக்கு இதே பாடு. சுவர் ரோஸ் என்றால் பெண்ணின் கழுத்தும் ரோஸ்.

தம்பி சொன்ன வேட்டியில் பாதி சரி. வெளிச்சத்தை அது பரப்பும், நிழலின் ஓரம் மென்மையாகும். ஆனால் பச்சை வெளிச்சம் வேட்டிக்குள் நுழைந்தால் பச்சையாகத்தான் வெளியே வரும், கூடவே வெளிச்சமும் நன்றாகக் குறையும். எதிர்ச்சுவரில் இருந்து வருவது ஏற்கெனவே பரவி வரும் வெளிச்சம் என்பதால், டீச்சர் வீட்டில் வேட்டிக்கு வேலையே இல்லை.

அடுத்தது நிறம். போனில் ப்ரோ வீடியோவில் WB என்று இருப்பதை நகர்த்தினால் பெரும்பாலான போன்களில் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையில்தான் போகும். பச்சை அந்தக் கோட்டிலேயே இல்லை. 5000, 6000 என்று எவ்வளவு தள்ளினாலும் பச்சை கலந்த மஞ்சள், பச்சை கலந்த நீலம் என்று மாறுமே தவிரப் பச்சை போகாது. பச்சையை எடுப்பது Tint. அது உங்கள் கேமரா ஆப்பில் இல்லையென்றால் எடிட்டிங்கில் இருக்கும். ஆட்டோவில் மட்டும் விடாதீர்கள். நீங்கள் கையை ஆட்டும்போதெல்லாம் போன் புதிதாக நிறம் தேடும், ஒரே வீடியோவுக்குள் முகம் மாறிக்கொண்டே இருக்கும். WB-யை ஒரு எண்ணில் நிறுத்தி, தொடக்கத்தில் வெள்ளைத் தாளை முகத்தருகே இரண்டு வினாடி காட்டிவிடுங்கள். எடிட்டில் அந்தத் தாள் வெள்ளையாகும்வரை Tint-ஐ நகர்த்தினால் வீடியோ முழுக்கச் சரியாகிவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பச்சையை இப்படிக் கழித்தால், பச்சை இல்லாத வெளிச்சம் பட்ட இடம் ரோஸ் ஆகும். டீச்சரின் வலது கன்னத்துக்கு நடந்தது இதுதான், போன் தானாகவே பாதி கழித்துவிட்டது. விளக்கைப் பின்சுவருக்கு மாற்றினாலும் அந்த இடம் கொஞ்சம் ரோஸாகத்தான் தெரியும். பின்சுவர் என்பதால் யாரும் குறை சொல்லமாட்டார்கள், முகத்தில் வரக்கூடாது.

சேலைக் கடை அக்கா, நீங்கள் கேட்பது வேறு விஷயம். ரிங் லைட்டின் அளவு நிறத்தைத் திருத்தாது. பகலில் மாடித் தண்ணீர்த்தொட்டி நிழலில் நின்று, வானம் மட்டும் தெரியும் திசையைப் பார்த்து எடுங்கள். வண்ணச் சுவர் எதுவும் பக்கத்தில் வேண்டாம். அந்த வெள்ளைத் தாளையும் காட்டுங்கள்.

அலங்காநல்லூர் பக்கம்

வடக்கு ஜன்னலில் வெயில் வராது என்று தம்பி சொன்னதைப் பார்த்தேன். என் அறைக்கு வடக்கே வயல், மறைக்க ஒன்றும் இல்லை. சித்திரை பாதியிலிருந்து ஆடி முடியும்வரை காலையிலும் சாயங்காலமும் வெயில் சாய்வாக உள்ளே வந்து விழும், ஜன்னல் கம்பியின் நிழல் மூக்கின் மேல் கோடாக விழும். வடக்கு ஜன்னல் என்ற பேச்சு குளிர் நாட்டுக்காரர்கள் சொன்னது. மதுரை பத்து டிகிரி அட்சத்துக்கும் சற்றுக் கீழே இருக்கிறது, அந்த மாதங்களில் நம் நடுப்பகல் சூரியனே உச்சிக்கு வடக்கே போகும். அப்போது வேட்டி கட்டித்தான் ஆகவேண்டும். அந்த விஷயத்தில் தம்பி பக்கம் நான்.

அனுப்பானடி தம்பி

எங்க ஜன்னலுக்கு எதிரே மாடி வீடு இருக்கண்ணே, அதான் எனக்குத் தெரியலை போல. சரி, டீச்சரக்கா விளக்கை முகத்துக்கே திருப்பி, ஜன்னலைப் பூட்டிட்டு எடுத்தா என்ன? ஒரே வெளிச்சம், ஒரே நிறம்.

திருமங்கலம் கல்யாண வீடியோ

ராத்திரி எடுப்பதென்றால் அதுதான் வழி. பகலில் ஒரு 9 வாட் பல்பை நம்பி ஜன்னலை மூடினால் போன் ஐ.எஸ்.ஓ-வை ஏற்றும், முகத்தில் புள்ளிபுள்ளியாக வரும். பல்பை நேராக முகத்துக்கு அடித்தால் மூக்கு நிழல் கத்திபோல் விழும். தெர்மோகோலில் அடித்துத் திருப்பினால் நிழல் சரியாகும், வெளிச்சம் போதாது.

கணக்கு டீச்சர், தெற்குமாசி வீதி

Tint விஷயத்துக்கு ரொம்ப நன்றி சார். நேற்று எடுத்ததில் தாளைக் காட்டித் திருத்திப் பார்த்தேன், இரண்டு கன்னத்திலும் பச்சை போய்விட்டது.

இன்னொன்று கேட்கவேண்டும். வெயில் ஏறும் நேரத்தில் பின்சுவரில் மட்டும் மெல்லிய பட்டைகள் மேலே கீழே ஓடுகின்றன. முகத்தில் இல்லை.

திருமங்கலம் கல்யாண வீடியோ

அது பல்பு. நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான பல்பு வினாடிக்கு 100 தடவை மங்கி எரியும். ஜன்னல் பிரகாசமானதும் போன் தானாக ஷட்டரை 1/500 என்று வேகமாக்குகிறது, அதில் அந்த மங்கல் பட்டையாகப் பதிகிறது. முகத்தில் ஜன்னல் வெளிச்சம் மட்டும் என்பதால் அங்கே இல்லை. ஷட்டரை 1/100-ல் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ-வை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். அப்போதும் முகம் வெளுத்தால் நாற்காலியை இன்னும் ஒன்றரை அடி பின்னுக்குத் தள்ளுங்கள்.

அலங்காநல்லூர் பக்கம்

பின்னுக்குத் தள்ளினால் பின்சுவர் நெருங்கி நிழல் விழுமே சார், பத்தடி அறையில் எங்கே போவது? எனக்கு வேறு கம்பெனி பல்பு மாற்றியதுமே பட்டை நின்றுவிட்டது. கடையிலேயே எரியவிட்டு, போன் கேமராவைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துத்தான் வாங்கினேன்.

திருமங்கலம் கல்யாண வீடியோ

அப்படிப் பார்த்து வாங்குவது நல்லதுதான். ஆனால் நன்றாக இருந்த பல்பே பழசானதும் பட்டை காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். நான் ஷட்டரைத்தான் நம்புவேன். டீச்சர், இரண்டையும் செய்து பார்த்துச் சொல்லுங்கள்.