புதுப்பிப்பு: மின்செலவில் எது நிலையானது, எது மாறுவது?

முன்பு கேட்டது: "பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை. கணக்காளர் மின்கட்டணம் முழுவதையும் மாறும் செலவில் போடுகிறார். பொறியாளரோ மணிக்கு 80 ரூபாய்தான் என்கிறார். எதை நம்புவது?"

மாதவாரியாக இயந்திர மணிநேரத்தையும் மின்செலவையும் வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தேன். உச்சத்தையும் அடியையும் மட்டும் எடுத்தால் போதும் என்றார் ஒரு நண்பர். வேகமான வழிதான், ஆனால் உச்சம் ஏப்ரல். மார்ச் பில்லும் அதில்தான் பதிவாகியிருந்தது. அதைச் சரிசெய்த பிறகே கண்ணளவில் கோடு போட்டேன். 300 மணிக்கு 64,000 ரூபாய், 500 மணிக்கு 86,000. 200 மணி கூடியதற்கு 22,000 கூடியது, ஆக மணிக்கு 110. 300 மணிக்கான 33,000 போக, நிலையானது 31,000. கணக்காளரின் வகைப்பாட்டில் இந்த 31,000க்கு இடமே இல்லை.

பொறியாளரின் 80, இயந்திரம் இழுக்கும் 10 கிலோவாட்டை யூனிட் 8 ரூபாயால் பெருக்கியது. மீதி 30 எங்கே? "சில்லர், கம்ப்ரசரைச் சேர்த்தாரா?" என்று கேட்டார் இங்கே ஒரு மூத்தவர். சேர்க்கவில்லை. ஆனாலும் புது இயந்திரம் வாங்கும்போது பொறியாளரின் முறைதான் கைகொடுக்கும். அதற்குப் பழைய புள்ளிகள் ஏது?

டீசல் ஜெனரேட்டர் செலவையும் சேர்க்கலாமா என்று கேட்டவருக்கு: அதை இதில் கலக்காதீர்கள், தனி வரைபடம் போடுங்கள்.

300 மணிக்குக் கீழே எங்களிடம் புள்ளியே இல்லை. பட்டறையை மூடினாலும் 31,000 வருமா என்பதை இந்தக் கோடு சொல்லாது. மேற்பார்வையாளர் சம்பளம் நிலையானதா, மாறுவதா என்பதில் இன்னும் இழுபறிதான்.