மாசம் 40 பக்கத்துக்கு எந்த பிரின்டர் கட்டும்?

பாளைவாசி: வீட்டுக்கு மாசம் கருப்பு 30 பக்கம், கலர் 10 பக்கம் வேணும். ஜங்ஷன் பக்கம் விசாரிச்ச விலை இது. கார்ட்ரிட்ஜ் மெஷின் ரூ.4,500; அதுக்கு கருப்பு கார்ட்ரிட்ஜ் ரூ.900, 480 பக்கம் வருமாம், கலர் ரூ.1,000, 150 பக்கம். இங்க் டேங்க் ரூ.12,500. கருப்பு லேசர் ரூ.13,000, டோனர் ரூ.2,600, 1,500 பக்கம். டேங்க்ல ஒரு பக்கத்துக்கு 9 பைசாதான்னு சொல்லுதாங்க. 5 வருஷத்துக்கு எது லாபம்?

மேலப்பாளையம்: கண்ண மூடிட்டு லேசர் வாங்குங்க. பவுடர்தானே, காயவே காயாது.

வண்ணார்பேட்டை: காயாதுங்கிறது சரி அண்ணாச்சி, ஆனா அவங்களுக்குக் கலரும் வேணுமே. 5 வருஷத்துல 1,800 கருப்பு, 600 கலர். லேசரோட வர்ற முதல் டோனர் அரைகுறையாத்தான் இருக்கும், 700 பக்கம்னு வைங்க. அப்புறம் ஒரு டோனர். கலரை வெளியே பக்கம் 10 ரூபாய்னு எடுத்தா மொத்தம் ரூ.21,600, பக்கத்துக்கு 9 ரூபாய்.

கார்ட்ரிட்ஜ்ல, அட்டையில போட்ட கணக்குப்படி கருப்பு 4, கலர் 4, மெஷினோட ரூ.12,100. ஆனா அந்தக் கணக்கு தாள்ல 5 சதவீதம் மை படுற எழுத்துக்கு, அதுவும் தொடர்ந்து அடிச்சா. எப்பவாவது அடிச்சா மை தெளிக்கிற ஹெட்டைச் சுத்தம் பண்ணவே மை போயிடும். பாதிதான் தேறும்னா ரூ.19,700.

டேங்க்ல பெட்டியோட வர்ற மையே 2,400 பக்கத்துக்குக் காணும். அதனால 9 பைசா இங்க கணக்கே இல்ல. மெஷின் விலைதான் கணக்கு. ஒரு சர்வீசுக்கு 1,500 சேர்த்தா ரூ.14,000, பக்கத்துக்கு ரூ.5.83. ஜெராக்ஸ் கடையில கருப்பு 2, கலர் 10 ரூபாய்னா மொத்தமே ரூ.9,600! மாசம் 80 பக்கம் ஆனா கடைக்கு ரூ.19,200, அப்பதான் டேங்க் ஜெயிக்கும்.

தென்காசி: எங்க கடையில தினம் 200 நகல் போகுது, லேசர்தான் ஓடுது. டேங்க் வேஸ்ட்.

வண்ணார்பேட்டை: அது கடைக் கணக்கு. இவங்க கேட்டது வீட்டுக்கு.

பாளைவாசி: பரீட்சை நேரத்துல 80 தாண்டும், அதனால டேங்க் பாக்கேன். ராத்திரி சுவர் சுவிட்சை அணைச்சிடுவோம், பரவாயில்லையா? லீவுல ஊருக்குப் போயிட்டா?

வண்ணார்பேட்டை: முதல்ல மெஷின் பட்டனை அமுத்தி அணைங்க. ஹெட் ஓரமாப் போய் மூடி போட்டுக்கும், அப்புறம் சுவர் சுவிட்ச். நேரா சுவிட்சை அணைச்சா ஹெட் திறந்தே கிடக்கும். கத்திரி வெயில்ல சீக்கிரம் காயும். வாரம் ஒரு கலர் பக்கம், நாலு மையும் வர்ற மாதிரி. கோடு விழுந்தா நாசில் செக்குங்கிற சோதனைப் பக்கம் எடுத்துப் பாத்துட்டு கிளீனிங் ரெண்டு தடவைக்கு மேல போடாதீங்க. 12 மணி நேரம் விட்டுட்டு மறுபடி பாருங்க. விடாம கிளீனிங் போட்டா கழிவு மை பேட் நிறையும், மெஷின் நின்னுடும்.

மேலப்பாளையம்: லேசர்ல வேற கம்பெனி போடுற கம்பாட்டிபிள் டோனர் 600 ரூபாய்க்கு கிடைக்கே, அதைக் கணக்குல சேக்கலயே?

வண்ணார்பேட்டை: சேத்தாலும் ரூ.19,600. கலர்தான் இழுக்குது. அந்த டோனர்ல சிலது நல்லா ஓடும், சிலது கசிஞ்சு தாள் ஓரத்துல கறுப்பாப் பூசும். எது எப்படின்னு பாத்தவுடனே சொல்ல முடியாது. லேசர் எடுத்தா வீட்டு இன்வர்ட்டர்ல மட்டும் மாட்டாதீங்க. சூடேறும்போது இழுக்குற கரண்ட்டை அது தாங்காது.