கீசர் சேஃப்டி வால்வில் சொட்டு: டம்மி போடச் சொன்னது நான்தான்

ஈரச்சுவர்:
25 லிட்டர் கீசர். குளிர்நீர் உள்ளே போகும் குழாயில் முதலில் தண்ணீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வு, அதற்கப்புறம் ஒரு டீ வடிவ இணைப்பு, அந்த டீயில் அழுத்தம் கூடினால் திறக்கும் ரிலீஃப் வால்வு, அங்கிருந்து கனெக்‌ஷன் பைப், பிறகு தொட்டி. எல்லாம் முறைப்படிதான் மாட்டியிருந்தார்கள். ஆனால் முதல் நாளே, சுவிட்சைப் போட்டுச் சற்று நேரத்தில் ரிலீஃப் வால்வின் வாயிலிருந்து சொட்டு விழ ஆரம்பித்தது. புதுச் சுவர், புது டைல்ஸ். எனக்குப் பொறுக்கவில்லை. பிளம்பரைத் திரும்பக் கூப்பிட்டேன். "இது அப்படித்தாம்மா சொட்டும்" என்றார். "காசு வாங்கிக்கொண்டு ஒழுகுவதை மாட்டிவிட்டு இப்படிச் சொன்னால் எப்படி?" என்று கத்தினேன். அவர் ஒன்றும் பேசாமல் வால்வைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு டம்மி பிளக் போட்டுவிட்டுப் போனார். சொட்டு நின்றது. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

மறுநாள் காலை சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தேன். கைப்பிடி லேசாகத் திரும்பியதுமே தண்ணீர் சீறிக்கொண்டு எதிர்ச் சுவரில் அடித்தது. ஒரு நொடிதான், அப்புறம் எப்போதும்போல வந்தது. "இப்போதுதான் பிரஷர் நன்றாக இருக்கிறது" என்று வீட்டில் சொன்னேன். பதினோரு நாள் இதே கதை. பன்னிரண்டாம் நாள், நான் சமையலறையில் இருக்கும்போது குளியலறையில் பலகை விழுந்ததுபோல ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் கனெக்‌ஷன் பைப் நட்டு கவ்வும் இடத்தில் பிய்ந்து தொங்குகிறது, தரையெல்லாம் ஆவி. ஐந்து நிமிடம் முன்னால்தான் மகள் அங்கே பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சீறல் வந்த முதல் நாளே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும் அல்லவா? அதுதான் இன்னும் மனதில் குடைகிறது.

மாடி3:
தப்பு டம்மியில் இல்லை, நான்-ரிட்டர்ன் வால்வில் இருக்கிறது. தண்ணீர் சூடானால் விரியும். விரிந்த தண்ணீர் வந்த வழியே மொட்டைமாடித் தொட்டிக்குத் திரும்பிப் போகட்டும் என்று விட்டால் ஒரு சொட்டுகூட விழாது. வழியை அடைத்துவிட்டு, அப்புறம் ஒழுகுகிறது என்றால்? என் வீட்டில் ஆறு வருடமாக அது இல்லாமல்தான் ஓடுகிறது. ரிலீஃப் வால்வு எலும்புபோலக் காய்ந்து கிடக்கிறது. நான்-ரிட்டர்ன் வால்வைக் கழற்றி எறியுங்கள்.

பழைய ஸ்பேனர்:
மாடி3 தம்பி சொல்வதில் முதல் பாதி சரி. சொட்டுக்குக் காரணம் அதுதான். மருந்துதான் தப்பு.

பல வருடம் முன்னால் ஒரு வீட்டில் இதே மாதிரி நான்-ரிட்டர்ன் வால்வு இல்லாமல் மாட்டிக் கொடுத்தது நானேதான். மேல்தொட்டியைக் கழுவ ஒரு நாள் காலி செய்திருக்கிறார்கள். கீழே அதே லைனில் இருந்த தோட்டத்துக் குழாயை யாரோ திறந்திருக்கிறார்கள். மேலே குளியலறையில் சுடுதண்ணீர்க் குழாய் திறந்தபடி கிடந்திருக்கிறது, தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு மூட மறந்தது. காற்று அந்த வழியே உள்ளே போக, கீசர் தொட்டித் தண்ணீர் முழுக்க வந்த வழியே கீழே இறங்கிவிட்டது. கீசர் சுவிட்ச் போட்டே இருந்தது. நான் போனபோது கட் அவுட் விழுந்திருந்தது, காயிலைக் கழற்றினால் கையிலேயே உதிர்ந்தது. அந்த வீட்டு அம்மா முன்பே சொல்லியிருந்தார், சமயத்தில் பச்சைத்தண்ணீர்க் குழாயில் சுடுதண்ணீர் வருகிறது என்று. நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தம்பி, உங்கள் குளிர்நீர் லைன் சாதாரண பிவிசி குழாயா? அப்படியென்றால் கீசர் பக்கத்தில் கைவைத்துப் பாருங்கள், வளைந்திருக்கிறதா என்று.

ஈரச்சுவர் அம்மாவுக்கு: 25 லிட்டர் தண்ணீர் அறை வெப்பத்திலிருந்து 65 டிகிரி போனால் கிட்டத்தட்ட 400 மில்லி கூடும். அந்தத் தண்ணீர் எங்காவது போயாக வேண்டும். பின்னால் நான்-ரிட்டர்ன் வால்வு, முன்னால் மூடிய குழாய். டம்மியும் போட்டுவிட்டால் போக இடமே இல்லை. தண்ணீரை அமுக்க முடியாது. வழக்கமாக ரிலீஃப் வால்வு 8 பாரில் திறக்கும். எல்லாப் பக்கமும் மூடிய தொட்டியில் அந்த அளவை எட்ட, உள்ளே காற்று தேங்கியிருக்காவிட்டால், பத்து டிகிரி சூடுகூட வேண்டாம். மீதிச் சூடெல்லாம் அதற்கு மேல். நீங்கள் பார்த்த சீறல் அதுதான். ஒரே நொடியில் அடங்கியதற்கும் காரணம் உண்டு: தண்ணீர் காற்றுபோலச் சுருங்கி நிற்காததால், கொஞ்சம் வெளியேறியதுமே அழுத்தம் பொத்தென்று விழுந்துவிடும். பைப் முந்திக்கொண்டது நல்லதாயிற்று. தொட்டியின் வெல்டிங் விட்டிருந்தால் கதை வேறு.

டம்மி போட்ட பிளம்பரை நான் மன்னிக்க மாட்டேன். நீங்கள் கத்தினாலும் அவர் போட்டிருக்கக் கூடாது.

குட்டி கீசர்:
என்னுடையதில் இந்த வால்வே இல்லையே? 3 லிட்டர் இன்ஸ்டன்ட். சமையலறைக் குழாயின் வாயிலும் எப்போதும் சொட்டுகிறது. நானும் ஆபத்தில் இருக்கிறேனா?

பழைய ஸ்பேனர்:
நீங்கள் சொல்வது குழாய் வாய்ச் சொட்டு, அது வேறு. சூடாகும்போது மட்டும் சொட்டினால் விரியும் தண்ணீர் குழாய் வழியே வருகிறது என்று அர்த்தம். எப்போதும் சொட்டினால் குழாய் வாஷர். சின்ன கீசர்களில் சிலவற்றில் வால்வு உடம்போடு சேர்ந்தே வரும், அடிப்பக்கம் பாருங்கள்.

வெள்ளை டேப்:
நான் பிளம்பர் இல்லை. வீட்டுக் கீசரை நானே மாட்டினேன். எனக்கு நடந்தது நேர்மாறு. சூடு போடாமலே ராத்திரி பகலாகச் சொட்டியது. புது ரிலீஃப் வால்வு வாங்கி மாட்டினேன், அதுவும் சொட்டியது. மூன்றாவதை வாங்கக் கிளம்பும்போது மாமாதான் இரண்டாவதைப் பிடுங்கி வாயை வெளிச்சத்தில் காட்டச் சொன்னார். உள்ளே சீட்டில் டெஃப்லான் டேப்பின் ஒரு நூல், தலைமுடி அளவு, குறுக்கே படுத்திருந்தது. மரையின் நுனிவரை டேப் சுற்றியிருந்தேன். திருகும்போது நுனி பிய்ந்து உள்ளே போயிருக்கிறது. இரண்டு முறையும் அதே தப்பு.

அதிலிருந்து மரையின் முதல் சுற்றை வெறுமனே விட்டுவிட்டுத்தான் டேப் போடுகிறேன். வால்வு மாட்டுவதற்கு முன்னால் குழாயை ஒரு வாளித் தண்ணீர் ஓடும்வரை திறந்துவிடுவேன். புது லைனில் மணல், பிசின் துணுக்கு, குழாய் அறுத்த தூள் எல்லாம் வரும். அப்புறம் அம்புக்குறி. நான்-ரிட்டர்ன் வால்வின் உடம்பில் அம்பு தொட்டியைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் தொட்டி நிரம்பாது, நீங்கள் சூடு போட்டுவிட்டுக் காத்திருப்பீர்கள். அதனால் மாட்டி முடித்ததும் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்து, காற்றுப் புடைத்துப் புடைத்து வந்து, பிறகு தண்ணீர் ஒரே சீராக வரும்வரை நில்லுங்கள். அதற்குப் பின்தான் சுவிட்ச். சில வீடுகளில் ரிலீஃப் வால்வுக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு ஸ்டாப் காக் போடுகிறார்கள், சர்வீஸுக்கு வசதி என்று. அதை யாராவது மூடிவிட்டால் டம்மி போட்டதற்குச் சமம். காக் வேண்டுமென்றால் நான்-ரிட்டர்ன் வால்வுக்கு முன்னால் போடுங்கள். யாரும் கேட்காமலே நீட்டிவிட்டேன், மன்னிக்கவும்.

பத்தாம் தளம்:
எங்களுக்கு மொட்டைமாடித் தொட்டியே இல்லை, பிரஷர் பம்ப். பகலில் சரியாக இருக்கும், நடுராத்திரியில் சொட்டும், கீசர் அணைந்திருந்தாலும். கடையில் போய் "பிஆர்வி கொடுங்கள்" என்றேன். இன்னொரு ரிலீஃப் வால்வைக் கொடுத்தார்கள். அதையும் மாட்டி, இரண்டும் சேர்ந்து சொட்டியதைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் எனக்கு மறக்காத காட்சி. எனக்கு வேண்டியிருந்தது அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு. இதுவும் பிஆர்வி, அதுவும் பிஆர்வி. கடைசியில் ஒரு கேஜ் மாட்டிப் பார்த்தால், மற்ற வீடுகள் தண்ணீர் எடுக்காத நேரத்தில் முள் 8-ஐத் தொடுகிறது. லைனின் ஆரம்பத்தில் குறைக்கும் வால்வு போட்டு 3 பாரில் வைத்தோம். இப்போது சூடாகும்போது மட்டும் சொட்டு.

மாடி3:
குளிர்நீர்க் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். கீசரிலிருந்து ஒரு முழம் தூரத்துக்கு லேசாகத் தொய்ந்திருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் மேல்தொட்டி உள்ள வீட்டில் நாள் முழுக்கச் சொட்டச் சொல்வது நல்ல வடிவமைப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தொட்டிக்கு மேலே திறந்த காற்றுக்குழாய் ஒன்று ஏற்றிவிட்டால் போதாதா?

பழைய ஸ்பேனர்:
காற்றுக்குழாய் போட அதற்கென்று செய்த கீசரும், மேல்தொட்டி மட்டத்துக்கு மேலே போகும் குழாயும் வேண்டும். உங்கள் சுவரில் தொங்குவதற்கு நடக்காது. அப்புறம் "நாள் முழுக்க" என்று யார் சொன்னது? கீசர் விளக்கு எரியும்வரைதான். குழாயை மாற்றுங்கள் முதலில்.

ஈரச்சுவர்:
புது ரிலீஃப் வால்வு, புது பைப் போட்டாயிற்று. வேறு ஒருவர்தான் வந்தார். வால்வின் வாயில் ஒரு டியூப் மாட்டி, கீழ்நோக்கி இறக்கி, தரைச் சல்லடைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டுத் திறந்த வாயாக நிறுத்தியிருக்கிறார். சொட்டு கண்ணில் படவேண்டும், டியூபின் நுனி தண்ணீரில் மூழ்கக்கூடாது என்றார்.

மூன்று நாளாக டியூபின் கீழே பாட்டில் வைத்து அளந்தேன். முதல் நாள், தொட்டி முழுக்கப் பச்சைத்தண்ணீராக இருந்து சூடு போட்டபோது, 380 மில்லி. விளக்கு அணைந்ததும் சொட்டும் நின்றது. மறுநாள் பாதித் தண்ணீர்தான் செலவாகியிருந்தது, 200-க்குக் கொஞ்சம் கீழே. மூன்றாம் நாள் சூடாகும்போதே மகள் குளித்துக்கொண்டிருந்தாள். சொட்டே இல்லை.

ஆனால் நேற்று மாலை, கீசர் அணைந்து ஆறு மணி நேரம் கழித்து, பாட்டிலில் ஐந்தாறு சொட்டு இருந்தது. காலையில் காலி செய்துதான் வைத்தேன்.

வெள்ளை டேப்:
நூல்!

பழைய ஸ்பேனர்:
இருக்கலாம், அல்லது டியூபின் உள்சுவரில் நின்றிருந்த மிச்சம் மெதுவாக இறங்கியிருக்கலாம். தொட்டி ஆறியிருக்கும்போது வால்வின் நெம்புகோலை மூன்று நான்கு முறை தூக்கி விடுங்கள், தண்ணீர் பீய்ச்சி அடித்துத் துணுக்கைக் கழுவும். எப்படியும் மாதம் ஒருமுறை செய்ய வேண்டியதுதான், உப்புத் தண்ணீரென்றால் விடவே விடாதீர்கள், சீட் ஒட்டிக்கொண்டு தேவைப்படும் நாளில் திறக்காது. அதற்கப்புறமும் ஆறிய தொட்டியில் சொட்டினால் காலை ஒருமுறை, நடுராத்திரி ஒருமுறை கேஜ் வைத்துப் பாருங்கள்.

ஈரச்சுவர்:
தூக்கினேன். பழுப்பாக ஏதோ வந்தது. பாட்டிலைத் திரும்ப வைத்திருக்கிறேன்.