விடியக்காலை மூணரை மணி முழிப்பு: தூக்கப் பிரச்சினையா, மனசா? பார்த்தவங்க, பட்டவங்க சொல்லுங்க

யீஷூன் அக்கா

தூக்கம் வராததப் பத்தி இங்க எல்லாருக்கும் தெரியும், நேரா விஷயத்துக்கு வர்றேன். என் வீட்டுக்காரருக்கு 54 வயசு, கிடங்குல சூப்பர்வைசர். போன வருஷக் கடைசியில ஆளக் குறைச்சாங்க, அவரு வேலை தப்பிச்சுது, கூட இருந்தவங்க போயிட்டாங்க, அப்போலேர்ந்து ஆரம்பம். படுத்தா தூங்கிடுவாரு, ஆனா மூணரைக்கு டக்குனு முழிப்பு, அதுக்கப்புறம் ஒரு பொட்டு தூக்கம் கிடையாது. பக்கத்து கிளினிக்ல தூக்க மாத்திரை கொடுத்தாங்க, நாலரை வரைக்கும் இழுத்துச்சு, அவ்ளோதான். காலையில முகத்த பார்க்க முடியாது, பல்லு விளக்கவே அரை மணி நேரம். ஆனா சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு மேல பேசுவாரு, பேத்திகிட்ட விளையாடுவாரு, அதனால சொந்தக்காரங்க யாரும் நம்பல.

ஒருநாள் ராத்திரி நான் தண்ணி குடிக்க எழுந்தா ஹால்ல லைட்டு போடாம உக்காந்திருக்காரு. என்னப் பார்த்து, "இன்சூரன்ஸ் பேப்பரெல்லாம் எந்த டிராயர்ல இருக்குன்னு உனக்குத் தெரியும்ல?"ன்னாரு. குரல்ல ஒரு மாத்தமும் இல்ல. அந்தக் கேள்வி இன்னிக்கும் என்ன விட மாட்டேங்குது. விடிஞ்சதும் பாலிகிளினிக் கூட்டிட்டுப் போனேன், மனச்சோர்வுன்னு சொல்லி மருந்து ஆரம்பிச்சாங்க. மாமியார் வீட்டுல இன்னும் "தூக்கம் வந்தா எல்லாம் சரியாப் போயிடும், எதுக்கு அந்த மருந்து"ங்கறாங்க. யாராவது இத மாதிரி பார்த்திருக்கீங்களா?

துவாஸ் நைட் ஷிப்ட்

அக்கா எனக்கும் இதேதான். ரெண்டு வாரம் நைட், ரெண்டு வாரம் டே, பஸ்ஸுல வீட்டுக்கு வர்றப்ப வெயில் மூஞ்சிலயே அடிக்கும், வந்து படுத்தா மூணு மணி நேரம்தான். கடுப்பாகும், பொண்டாட்டிகிட்ட கத்துவேன். ஆனா ஆஃப் நாளு ரெண்டு சேர்ந்தாப்புல வந்து நல்லா தூங்கிட்டா நான் பழைய ஆளு, ஞாயித்துக்கிழமை பசங்களோட கிரிக்கெட் ஆடப் போயிடுவேன். அதனால உங்க மாமியார் சொல்றது தப்பில்ல, தூக்கம் வந்தா மனசு வரும்.

இன்னொண்ணு, அவரு எத்தன மணிக்குப் படுக்குறாரு? ஒன்பது மணிக்குப் படுத்தா மூணரைக்கு முழிப்பு வரத்தான் செய்யும், ஆறரை மணி நேரம் ஆச்சே, கணக்கு சரியா இருக்கு. ஜன்னலுக்கு கறுப்புத் திரை போடுங்க, சாயங்காலம் நாலு மணிக்கு மேல கோப்பி தே ரெண்டும் வேணாம், ஃபோன வேற ரூம்ல வைங்க, ராத்திரி சோறு எட்டு மணிக்குள்ள முடிங்க, பீர் குடிச்சா தூக்கம் வரும்னு நினைக்காதீங்க, வந்த வேகத்துல பாதி ராத்திரியில முழிப்பு தட்டிடும், நான் பார்த்திருக்கேன். தலைக்கு நல்லெண்ணெய் வச்சுக் குளிக்கச் சொல்லுங்க. ஏசி 25ல இருக்கட்டும்.

முன்னாள் தாதி

துவாஸ் தம்பி, படுக்கிற நேரத்தக் கேட்டது நல்ல கேள்வி, அத நானும் கேட்டிருப்பேன். ஆனா உங்க கதையும் அக்கா வீட்டுக்காரர் கதையும் ஒண்ணு இல்லன்னு நீங்களே எழுதிட்டீங்க. தூங்கினதும் கிரிக்கெட் ஆட ஆசை வருது பாருங்க, அந்த ஆசை உங்ககிட்ட எங்கயும் போகல, களைப்புதான் மூடியிருக்கு. மனச்சோர்வுல ஆசையே போயிடும், நல்லா தூங்கின நாள்லகூட வராது. டாக்டருங்க முதல்ல தேடுறது அதத்தான்.

நான் பாலிகிளினிக்ல ரொம்ப வருஷம் இருந்தேன். ஒரு பெரியவர், 60க்கு மேல, தூக்க மாத்திரை மட்டும் கேட்டு வந்துகிட்டே இருப்பாரு. கவலையா இருக்கான்னு கேட்டா அதெல்லாம் இல்லம்பாரு, பொதுவா நம்ம ஆளுங்க மனசு சரியில்லன்னு சொல்ல மாட்டாங்க, தூக்கம் வரல, பசிக்கல, உடம்பு கனமா இருக்குன்னுதான் சொல்வாங்க. ஒருநாள் புது டாக்டரம்மா ஒருத்தங்க தூக்கத்த விட்டுட்டு "முன்னாடி எது செஞ்சா சந்தோஷமா இருக்கும்"னு கேட்டாங்க. வாய்ட் டெக்ல கேரம் ஆடுவேன்னாரு. "கடைசியா எப்ப ஆடினீங்க?" மனுஷன் யோசிச்சுகிட்டே இருந்தாரு, பதில் வரல, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அதுதான் எனக்கு மறக்க முடியாதது. அவரு அழுதத அவராலயே நம்ப முடியல.

எது முதல்ல வருதுன்னு கேட்டீங்கன்னா ரெண்டு பக்கமும் நடக்கும். நாள்பட்ட தூக்கமின்மை இருக்கிறவங்களுக்கு பின்னாடி மனச்சோர்வு வர்ற வாய்ப்பு மத்தவங்களவிட சுமார் ரெண்டு மடங்குன்னு பல ஆய்வுகளச் சேர்த்துப் பார்த்து சொல்லியிருக்காங்க. சரியா தூங்காத மூளை கெட்டத பெருசா எடுத்துக்கும், நல்லத கண்டுக்காது. அதுல ஒருத்தர் என்ன பண்ணுவாரு, களைப்பா இருக்குன்னு நடக்கப் போறத நிறுத்துவாரு, கூட்டாளிங்கள பார்க்க மாட்டாரு, மத்தியானம் சாய்வாரு, ராத்திரி எட்டரைக்கே படுத்துடுவாரு. பகல்ல அலைஞ்சு திரிஞ்சாத்தான் ராத்திரிக்கு தூக்கம் சேரும், சேராத தூக்கம் லேசா இருக்கும், மூணு மணிக்கு உடையும். முழிச்சு இருட்டுல கிடந்தா வர்ற நெனப்பெல்லாம் இருண்ட நெனப்பாவே இருக்கும். மறுநாள் இன்னும் களைப்பு, இன்னும் சீக்கிரம் படுக்கை. இப்படித்தான் ஒண்ணு இன்னொண்ண வளக்குது.

அக்கா, அவரு எட்டரை ஒன்பதுக்குப் படுக்கிறவரா?

யீஷூன் அக்கா

ஆமாம்மா, ஒன்பதுக்கே. பாலிகிளினிக்லயும் இதையே கேட்டு, பதினொன்றரைக்கு முன்னாடி படுக்க வேணாம்னாங்க. மருந்து வேலை செய்யறதுக்கு முன்னாடி ஒரு வாரம் அப்படிப் பார்த்தோம், பன்னெண்டு மணிக்குப் படுத்தாலும் மூணரைக்கு கரெக்டா முழிப்பு. தூங்கினதே மூணரை மணி நேரம், ஆனாலும் திரும்ப கண்ணு மூடல.

முன்னாள் தாதி

துவாஸ் தம்பிக்கு அதுலயே பதில் இருக்கு. சும்மா சீக்கிரம் படுத்ததால வர்ற முழிப்புன்னா தள்ளிப் படுத்தா முழிப்பும் தள்ளிப் போகும், எழுந்தவரு தெளிவாவும் இருப்பாரு. எப்பப் படுத்தாலும் ஒரே நேரத்துல முழிப்பு, காலையில மனசு அடியில, பொழுது சாய சாய கொஞ்சம் லேசாகுது, பசி இல்ல, எதுலயும் நாட்டம் இல்ல, இது பெரும்பாலான நாள் ரெண்டு வாரத்துக்கு மேல போகுதுன்னா அது வெறும் தூக்கப் பிரச்சினை இல்ல. சாயங்கால அப்பாயின்ட்மென்ட்ல டாக்டர் பார்க்கிறது சாயங்கால மனுஷன. அதனால கூட போறவங்க விடியக்காலை எப்படி இருக்காருன்னு வாயத் திறந்து சொல்லணும்.

இன்சூரன்ஸ் கேள்வி மாதிரி ஏதாவது காதுல விழுந்தா நேராவே கேளுங்க, "செத்துடலாம்னு தோணுதா?"ன்னு. கேட்டா அந்த நெனப்ப நாமளே கொடுத்த மாதிரி ஆகாது, நிறைய பேரு யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் இருக்காங்க. ராத்திரியில தற்கொலைத் தடுப்புக்கு 1767 இருக்கு, மனநல உதவிக்கு 1771ம் 24 மணி நேரமும் எடுப்பாங்க, ரொம்ப மோசமா இருந்தா தனியா விடாம புவாங்கோக்ல இருக்கிற ஐஎம்எச் மனநல ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கே போயிடலாம், இல்லன்னா ஆம்புலன்ஸுக்கு 995.

உட்லண்ட்ஸ் தம்பி

எல்லாத்தையும் மனச்சோர்வுன்னு சொல்லிட முடியாது அக்கா. எங்க அப்பாவுக்கும் இதே கதைதான், சோர்வு, சிடுசிடுப்பு, வாயில்லா பூச்சியா ஆயிட்டாரு, நாலு மாசம் மனச்சோர்வு மருந்து சாப்பிட்டாரு, பெருசா மாத்தம் இல்ல. அப்புறம் அம்மா டாக்டர்கிட்ட குறட்டைய பத்திச் சொன்னாங்க, நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதுன்னு. தூக்க சோதனை பண்ணினா ஒரு மணி நேரத்துக்கு 40 தடவைக்கு மேல மூச்சு தடைப்படுது. மூக்குல மாட்டுற மெஷின் கொடுத்தாங்க, முதல் வாரம் பிடுங்கிப் போட்டாரு, இப்போ மாட்டிக்கிட்டு பாதி ஆளு திரும்ப வந்துட்டாரு. தைராய்டும் பார்க்கணும்னு சொன்னாங்க.

முன்னாள் தாதி

உண்மை தம்பி. குறட்டை, பகல்ல உக்காந்தபடியே கண்ணசர்றது இருந்தா கண்டிப்பா பார்க்கணும். பாதி ஆளுன்னு சொன்னீங்களே, மீதிப் பாதிக்கு மருந்து தொடருதா?

உட்லண்ட்ஸ் தம்பி

தொடருது. அதுதான் எங்களுக்கும் குழப்பம், எது எதனாலன்னு டாக்டரே பிரிச்சுச் சொல்லல.

கிளமெண்டி மாணவி

நடுவுல வர்றதுக்கு மன்னிச்சுக்கோங்க. எனக்கு நேர் எதிர், பதினோரு மணி நேரம் தூங்குவேன், எழுந்தா திரும்ப படுக்கணும், கிளாஸ் போகல, அம்மா சோம்பேறின்னாங்க. பல்கலைக்கழக கவுன்சலர்தான் இதுவும் மனச்சோர்வுல வரும்னு சொன்னாங்க. "நீ தூங்கறியா, இல்ல ஒளியுறியா?"ன்னு கேட்டாங்க, அந்த ரூம்லயே பேச்சு நின்னுடுச்சு எனக்கு. தூக்கம் வரலன்னாத்தான் கேஸுன்னு நினைக்காதீங்க.

யீஷூன் அக்கா

நல்லா சொன்னம்மா, உடம்பப் பாத்துக்கோ. தாதி அக்கா, ஒரு கேள்வி. மருந்து ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆச்சு. சிரிக்கிறாரு, கேக்காமலே மார்க்கெட்டுக்கு வர்றாரு. ஆனா ராத்திரி இன்னும் படுக்கையில புரண்டுகிட்டுதான் இருக்காரு. மனசு சரியானா தூக்கமும் தானா வரணும் இல்ல?

முன்னாள் தாதி

பலருக்கு வராது, அத அப்படியே விடவும் கூடாது. மனசு தேறியும் தூக்கம் தேறலன்னா மனச்சோர்வு திரும்ப வர்ற வாய்ப்பு கூடுது. தூக்கத்துக்குன்னே தனியா பயிற்சி இருக்கு, சைக்காலஜிஸ்ட் பண்ணுவாங்க, டாக்டர்கிட்ட அனுப்பச் சொல்லுங்க. எப்படின்னா, ஒரு வாரம் எழுதி வச்சுப் பார்த்து படுக்கையில ஒன்பது மணி நேரம், தூங்கினது அஞ்சரைன்னு வந்தா, எழுந்திருக்கிற நேரத்த ஆறு மணின்னு நிலையா வச்சு, பன்னெண்டரைக்குத்தான் படுக்க விடுவாங்க. தூக்கம் வராம புரண்டா எழுந்து ஹாலுக்குப் போயிடணும், தூக்கம் கண்ணச் சொக்கினாத்தான் திரும்ப படுக்கை. படுக்கையில இருக்கிற நேரத்துல நூத்துக்கு 85 பங்கு தூக்கமாச்சுன்னா கால் மணி நேரம் முன்னாடி படுக்கலாம், அப்படி வாரா வாரம் கூட்டுவாங்க. முதல் ரெண்டு வாரம் பகல்ல கண்ணு சொருகும், அவரு கிடங்குல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவரா இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க. அவருக்கோ குடும்பத்துல யாருக்காவதோ திடீர்னு ரொம்ப உற்சாகமாகி தூக்கமே வேணாம்னு சுத்தின வரலாறு இருந்தாலும் சொல்லணும், அப்படிப்பட்டவங்களுக்கு தூக்கத்தக் குறைக்கிறது ஆபத்தா போகலாம்.

துவாஸ் நைட் ஷிப்ட்

அப்போ எனக்கு இது சரி வருமா? ஷிப்ட் மாறிகிட்டே இருக்கே, ஆறு மணிக்கு எப்படி எழுந்திருக்கிறது?

முன்னாள் தாதி

மாறுற ஷிப்ட்டுக்கு இத அப்படியே போட முடியாது தம்பி, நீங்களா வீட்டுல ஆரம்பிக்காதீங்க. ஆனா ஒண்ணு கேக்குறேன், போன மாசம் ஆஃப் நாள்ல கிரிக்கெட் போனீங்களா?

துவாஸ் நைட் ஷிப்ட்

போன மாசம் போகல. மழை.

யீஷூன் அக்கா

தம்பி, இந்த ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்து இங்க எழுதுங்க. போக மனசு வரலன்னாலும் எழுதுங்க.